பதினான்கு நாளும் பன்னிரண்டு டிகிரியும்

நம் ஊரில் குடியிருப்போர் சங்கமோ கோயில் கமிட்டியோ, எதன் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும்: விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் யார் முகம் சிவந்து எழுந்து போனார், யார் "என் பேரைப் போடாதீங்க" என்று சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்காது. வாட்ச்மேன் சம்பளம், பந்தல் செலவு போன்ற விவகாரம் என்றால் அதனால் பெரிய நஷ்டமும் இல்லை. சண்டை ஓய்ந்ததே லாபம்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தில், இது நியாயமா அநியாயமா என்றே அடித்துக்கொள்ளும் மனிதர்கள் ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வந்து ஒரு முடிவு எடுத்தால் அதை என்னவென்று சொல்வது? பக்குவம் என்பார் ஒருவர், மனசாட்சியை விற்றதாகச் சொல்வார் இன்னொருவர். இரண்டும் நடக்கும் என்பதுதான் சிக்கல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதே மேஜை, அதே தேநீர், கடைசியில் அதே கையெழுத்து. 1980களில் இரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிடிபடும். ஒன்று லண்டனில், இரண்டு ஆண்டுகள் நிதானமாகப் பேசி எடுத்தது. மற்றது அமெரிக்காவில், ஒரே இரவில் எடுத்தது.

லண்டன் கதை ஒரு குழந்தையிலிருந்து தொடங்குகிறது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரௌன் பிறந்தாள். தாயின் உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைத்துப் பிறந்த முதல் குழந்தை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ ஆகியோரின் சாதனையை உலகமே கொண்டாடியது. கொஞ்ச நாளில் கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. இந்தச் சிகிச்சையில் தேவைக்கு அதிகமாகவே கருக்கள் உருவாகும். கருப்பையில் வைத்தது போக மிச்சமிருப்பதை என்ன செய்வது? ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராயலாமா? அப்படியென்றால் எத்தனை நாள்? இதற்கென்று பிரிட்டனில் அப்போது சட்டமே இல்லை. தடையும் இல்லை, அனுமதியும் இல்லை.

1982 ஜூலையில் அரசு 16 பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. தலைவர் மேரி வார்னாக், ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் படித்துப் பாடம் நடத்தியவர். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், சமூக சேவகர்கள், இறையியல் அறிந்தவர் எனக் கலவையான குழு. ஆன் மெக்லாரன் என்ற கருவளர்ச்சி விஞ்ஞானி இருந்தார். ஜான் மார்ஷல் என்ற நரம்பியல் பேராசிரியரும் இருந்தார். அவர் உறுதியான கத்தோலிக்கர். கருத்தரித்த நொடியிலிருந்தே அது மனித உயிர், அதை ஆய்வுப் பொருளாக்கக் கூடாது என்று சிலர் நம்பினார்கள். ஆராய்ச்சி இல்லாவிட்டால் மலட்டுத்தன்மைக்கும் பரம்பரை நோய்களுக்கும் வழி பிறக்காது, சில செல்களின் திரளை மனிதன் என்று சொல்ல முடியாது என்று வேறு சிலர் நம்பினார்கள். இரு தரப்பையும் ஒரே அறையில் இரண்டு ஆண்டு உட்கார வைத்துப் பேச வைத்தார் வார்னாக்.

குழு முதலில் செய்தது, கேள்வியை மாற்றியதுதான். உயிர் எப்போது தொடங்குகிறது, கரு எப்போது ஆளாகிறது என்ற கேள்விக்கு எவ்வளவு உயிரியல் படித்தாலும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடைக்காது என்று தெரிந்ததும், அதை விட்டுவிட்டு 'கருவை நாம் எப்படி நடத்துவது சரி' என்ற கேள்விக்கு நேரடியாகப் போனார்கள். அப்படிப் போகிறோம் என்று அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதினார்கள். இது முக்கியம். அமெரிக்கக் கதையிலும் கேள்வி மாறப்போகிறது.

அடுத்து, எல்லை எங்கே? குழுவின் முன் சாட்சியம் சொன்ன அமைப்புகளே ஒன்றோடொன்று முரண்பட்டன. மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 17 நாள் என்றது. நரம்பு மண்டலத்தின் முதல் அறிகுறி அப்போதுதான் தோன்றும் என்பது அவர்கள் கணக்கு. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 14 நாள் என்றது. கரு கருப்பைச் சுவரில் பதிந்து முடியும் கட்டத்தை எல்லையாக்கலாம் என்றார்கள் இன்னும் சிலர். குழு 14 நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு உயிரியல் காரணம் ஒன்று உண்டு. பதினைந்தாம் நாள் வாக்கில் கருத்தட்டின் நடுவில் மெல்லிய கோடு ஒன்று தோன்றும். தலை எது, வால் எது, இடம் எது, வலம் எது என்று உடலின் வரைபடம் விழும் இடம் அது. அதற்கு முன்பு வரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டைக் குழந்தை ஆகலாம். ஆகவே 'இது இன்ன ஒரு ஆள்' என்று சுட்டிக்காட்டக்கூட அதுவரை ஒன்றும் உறுதியாகவில்லை என்று வாதிட இடமிருந்தது.

வார்னாக்குக்கு இன்னொரு காரணமும் இருந்தது. உயிரியலை விட இதைத்தான் அவர் பின்னாளில் அதிகம் வலியுறுத்தினார். பதினான்கு என்பதை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். 'வலி உணரும் வரை', 'போதிய வளர்ச்சி அடையும் வரை' என்று எழுதினால் ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் வசதிக்கேற்ப அர்த்தம் சொல்லிக்கொள்ளும். நாட்கணக்கு என்றால் ஏமாற்ற முடியாது. 1990இல் வந்த சட்டமும் இதையே எடுத்துக்கொண்டது: விந்தும் முட்டையும் கலந்த நாளிலிருந்து 14 நாள். உறைய வைத்திருக்கும் காலம் கணக்கில் சேராது. உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம்.

1984 ஜூலையில் வெளிவந்த அறிக்கையின் பின்பக்கங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அங்கே மறுப்புக் குறிப்புகள் அச்சாகியிருக்கின்றன. மார்ஷல் உள்பட மூன்று பேர் கருவின் மீது எந்த ஆய்வுமே கூடாது என்று எழுதினார்கள். இன்னும் நான்கு பேர், சிகிச்சையில் மிஞ்சிய கருவை ஆராய்வதை ஏற்றார்கள். ஆனால் ஆராய்வதற்கென்றே ஒரு கருவை உருவாக்குவது தகாது என்றார்கள். ஆக, அந்த ஒரு விஷயத்தில் குழு 9க்கு 7 என்று ஏறக்குறைய இரண்டாகப் பிளந்து நின்றது. அந்தப் பிளவை யாரும் பூசி மெழுகவில்லை. வாடகைத்தாய் விவகாரத்துக்கும் தனியாக ஒரு மறுப்புக் குறிப்பு உண்டு.

இப்போது மார்ஷலின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் பார்வையில் பதினான்கு நாள் என்பது பாதி வெற்றி கிடையாது. ஓர் உயிரைக் கொல்லலாமா கூடாதா என்ற கேள்விக்கு 'இரண்டு வாரம் வரை கொல்லலாம்' என்பது நடுவழியாகாது. அவருக்கு அது தோல்விதான். இருந்தும் அந்தக் குழுவில் கடைசி வரை இருந்ததால் அவர் நேர்மை கெட்டதா? கெடவில்லை என்றே நான் சொல்வேன். 'பதினான்கு நாள் வரை ஆராய்வது சரி' என்று சொல்லும்படி அவரை யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னது, சொன்னபடியே, அவர் பெயரோடு நாடாளுமன்றத்தின் முன் போனது. மறுநாள் காலை எழுந்து தன் பழைய கருத்தைத் தெருவில் நின்று உரக்கச் சொல்ல அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அதோடு, எந்தச் சட்டமும் இல்லாத இடத்தில் ஒரு சட்டமும், உரிமம் வழங்கும் அமைப்பும், மீறினால் தண்டனையும் வர வழி பிறந்தது. எதிர்த்தவர்களுக்கும் அது லாபமே.

சண்டை அதோடு முடிந்துவிடவில்லை. 1985 பிப்ரவரியில் ஈனாக் பவல் கொண்டுவந்த, கரு ஆராய்ச்சியையே தடைசெய்யும் மசோதா, மக்களவையில் இரண்டாம் வாசிப்பில் 238க்கு 66 என்று பெரும்பான்மை பெற்றது. நேரம் போதாமல்தான் அது சட்டமாகவில்லை. ஐந்து ஆண்டு பொது விவாதம் நடந்த பிறகு, 1990இல் கட்சிக் கட்டுப்பாடு இல்லாத வாக்கெடுப்பில் 364க்கு 193 என்று ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்தது. குழுவுக்குள் இருந்த பிளவு மறைக்கப்படாததால்தான் நாடும் அதே விவாதத்தைத் திறந்த வெளியில் நடத்திப் பார்க்க முடிந்தது.

இனி அமெரிக்கா. 1986 ஜனவரி 27, இரவு 8.45. ஃபுளோரிடாவில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் மறுநாள் காலை கிளம்பத் தயாராக நிற்கிறது. அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டா மாநிலத்தில் இருக்கிறார்கள். நாசாவின் மார்ஷல் மைய அதிகாரிகள் சிலர் அலபாமாவிலும் சிலர் ஃபுளோரிடாவிலும் இருக்கிறார்கள். மூன்று இடத்தையும் இணைத்துத் தொலைபேசிக் கூட்டம்.

அன்று ஃபுளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். இரவில் உறைநிலைக்கு எட்டு டிகிரி கீழே போகலாம் என்று கணிப்பு. பொறியாளர்களின் பயம் ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றியது. ராக்கெட் பல துண்டுகளாக வந்து மூட்டில் பொருத்தப்படும். மூட்டு வழியாக உள்ளே எரியும் வாயு வெளியே வராமல் தடுக்க இரண்டு ரப்பர் வளையங்கள், ஓ-ரிங் என்பார்கள். தடிமன் சுமார் ஏழு மில்லிமீட்டர்தான், வளையமோ மூன்றரை மீட்டருக்கு மேல் விட்டம் கொண்டது. பழைய குக்கர் கேஸ்கட் விறைத்துப் போனால் ஓரத்தில் ஆவி கசியுமே, அதே கதைதான். குளிரில் ரப்பர் விறைத்து, மூட்டு அசையும் அந்த நொடியில் விரிந்து இடைவெளியை அடைக்காமல் போகலாம். முந்தைய ஆண்டு ஜனவரியில் 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸில் கிளம்பிய ஓடத்தைத் திரும்ப எடுத்துப் பிரித்தபோது, இரண்டு வளையங்களுக்கு நடுவே கரிய புகைப்படிவு இருந்தது. முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதுவரை நடந்ததில் அதிகக் குளிரில் கிளம்பியது அந்தப் பயணம்தான்.

எனவே தயக்கால் பொறியாளர்கள் சொன்னது எளிமையானது: 12 டிகிரிக்குக் கீழே அனுபவம் இல்லை, கிளப்ப வேண்டாம். நிறுவனமும் முதலில் அதைத்தான் நாசாவிடம் சொன்னது.

நாசா அதிகாரிகள் ஏற்கவில்லை. ஆதாரம் போதாது என்றார்கள். அவர்கள் வாதத்தில் உப்பு இல்லாமல் இல்லை. 24 டிகிரி வெயிலில் கிளம்பிய ஒரு பயணத்திலும் கசிவு இருந்தது, ஆகவே குளிர்தான் காரணம் என்று அந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பேச்சு சூடானது. ஒருவர் இந்தப் பரிந்துரையைக் கேட்டுத் திகைத்துப்போனதாகச் சொன்னார். இன்னொருவர், அப்படியானால் ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். தயக்கால் நிர்வாகிகள் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்று லைனைத் துண்டித்தார்கள். அது அரை மணி நேரமானது.

அந்த அரை மணி நேரம் விசாரணைக் குழுவின் முன் சாட்சியமாகப் பதிவாகியிருக்கிறது. இப்போது ஒரு நிர்வாக முடிவு எடுக்க வேண்டும் என்று மூத்த நிர்வாகி ஜெரால்ட் மேசன் தொடங்கியதும், ஆர்னல்ட் தாம்ப்சன் என்ற பொறியாளர் தன் இடத்தைவிட்டு எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போனார். ஒரு தாளில் மூட்டை வரைந்து நிர்வாகிகள் முன் வைத்து விளக்கினார். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். ரோஜர் பாய்ஷொலி அந்தக் கரிய புகைப்படிவின் புகைப்படங்களைக் கொண்டுபோய் வைத்தார், பாருங்கள் என்றார். அவருக்கும் பதில் இல்லை. கடைசியாக, தயங்கிக்கொண்டிருந்த பொறியியல் துறைத் தலைவர் பாப் லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி மேசன் சொன்னார். நான்கு நிர்வாகிகளிடம் மட்டும் வாக்கு கேட்கப்பட்டது. பொறியாளர்களைக் கேட்கவில்லை. நான்கும் 'கிளப்பலாம்' என்று விழுந்தன.

லைன் மீண்டும் இணைந்தது. கிளப்பலாம் என்ற பரிந்துரை வாசிக்கப்பட்டது. யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று மறுமுனையிலிருந்து கேட்டார்கள். பதில் வரவில்லை. எழுத்துமூலம் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்றார்கள். ஃபுளோரிடாவில் இருந்த தயக்கால் அதிகாரி ஆலன் மெக்டொனால்ட், நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். யூட்டாவிலிருந்து துணைத்தலைவர் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் வந்தது. நாசாவின் மேல்மட்டத்தில் இறுதி முடிவெடுத்தவர்களுக்கு இப்படி ஒரு வாக்குவாதம் நடந்ததே தெரியாது. மறுநாள் காலை 11.38க்கு சேலஞ்சர் கிளம்பியது. அப்போது வெளியே சுமார் 2 டிகிரி. 73 நொடிகளில் ஓடம் சிதறியது, ஏழு பேரும் இறந்தார்கள்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மார்ட்டின் பெஞ்சமின் 1990இல் சமரசத்தையும் நேர்மையையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எந்தச் சூழலில் ஒருவர் கொள்கையில் இறங்கி வருவது நியாயம் ஆகலாம் என்று ஐந்து நிலைகளைச் சொல்கிறார்: உண்மை என்னவென்று உறுதியாகத் தெரியாத நிலை, நன்மை தீமைகள் சிக்கிக் கிடக்கும் நிலை, பேசுகிறவர்கள் தொடர்ந்து சேர்ந்து இயங்கவேண்டிய உறவு, தள்ளிப்போட முடியாத முடிவு, வளப் பற்றாக்குறை. படித்தவுடன் சரிதான் என்று தோன்றுகிற பட்டியல். ஆனால் அந்த இரவு யூட்டாவில் இருந்தவர்களும் இதில் பலவற்றைக் காட்டியிருக்க முடியும். தகவல் உறுதியில்லை. நாசாதான் மிகப் பெரிய வாடிக்கையாளர், உறவு தொடர வேண்டும். கடிகாரம் ஓடுகிறது. பிறகு எங்கே பிசகியது?

முதல் பிசகு, அங்கே தர்ம சங்கடமே இல்லை என்பது. ஏழு பேர் உயிர் முக்கியம் என்பதில் இரு முனையிலும் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. கருத்து வேறுபாடு ரப்பர் விரியுமா விரியாதா என்பதில். கருவை எவ்வளவு மதிப்பது என்ற கேள்வியில் ஒரு சமூகம் கூடிப் பேசி ஓர் எல்லைக்கு வரலாம், ஏனென்றால் அந்த எல்லையை வகுப்பதே அந்தச் சமூகம்தான். ரப்பருக்கு யார் எவ்வளவு இறங்கி வந்தார்கள் என்று தெரியாது. கொள்கையில் நடுவழி உண்டு, சில நேரம் அது கௌரவமானதும்கூட. உண்மைத் தகவலில் நடுவழி தேடினால் அங்கே பேரம்தான் மிஞ்சும். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த ஒன்றைக் கவனித்தாலே போதும்: எதிரில் இருப்பவர் என்னோடு எதை மதிப்பது என்பதில் முரண்படுகிறாரா, அல்லது எது நடக்கும் என்பதிலா? இரண்டாவது என்றால் 'சரி, பாதிப் பாதி' என்பதற்கு இடமில்லை. ஆதாரத்தைத் தேடலாம், காத்திருக்கலாம். அன்று காத்திருக்கவும் வழி இருந்தது. வெயில் ஏறட்டும், நாளை மதியம் பார்க்கலாம் என்பதற்கு ரப்பர் குறுக்கே நிற்கவில்லை. தள்ளிப்போட முடியாது என்பது அறையில் இருந்தவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட நெருக்கடி.

இரண்டாவது, கேள்வி மாறியது. வழக்கமாகக் கிளப்புவதற்கு முன் 'பாதுகாப்பானது என்று நிரூபி' என்பார்கள். அன்று 'ஆபத்தானது என்று நிரூபி' என்று ஆகிவிட்டது. தாம் இத்தனை ஆண்டு பழகிய முறைக்கு நேர் எதிர் என்று பாய்ஷொலி பின்னால் சாட்சியத்தில் சொன்னார். வார்னாக் குழுவும் கேள்வியை மாற்றியதுதான். ஆனால் மாற்றுகிறோம், இதனால்தான் மாற்றுகிறோம் என்று எழுதி வைத்து மாற்றியது. இங்கே யாரும் அறிவிக்கவில்லை. அரை மணி நேரத்தில் சந்தடியில்லாமல் நிரூபிக்கும் சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியது. நேர்மை இழப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. 'தப்பு செய்வோம்' என்று யாரும் வாக்களிப்பதில்லை. கேள்வியின் வாசகம் மாறியிருக்கும், பதில் மட்டும் யோக்கியமாகத்தான் இருக்கும்.

அந்த இரவோடு முடிகிற கதையும் இல்லை இது. சேலஞ்சரின் அந்தப் பயணம் 25ஆவது ஓடப் பயணம். வளையம் அரிக்கப்படுவது 1981இல், இரண்டாவது பயணத்திலேயே தெரிந்துவிட்டது. ஓடம் பத்திரமாகத் திரும்பியது, ஆகவே இந்த அளவு அரிப்பு தாங்கும் என்று எழுதினார்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். அதுவும் தாங்கும். 1985 ஜூலையில் பாய்ஷொலி இது பேரழிவில் முடியலாம் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் எச்சரித்தார். அதே காலத்தில் நாசா, இந்தப் பிரச்சினை தீரும்வரை கிளப்பக் கூடாது என்று தாளில் ஒரு தடையும் விதித்தது. பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தத் தடையைத் தளர்த்திக்கொண்டே வந்தது. தயக்கால் நிர்வாகிகளுக்கு அப்படி ஒரு தடை இருந்ததே தெரியவில்லை. டயான் வான் என்ற சமூகவியலாளர் 1996இல் எழுதிய ஆய்வில் இந்த வழுக்கலைத்தான் துருவிப் பார்த்தார். விதிமீறலாகத் தொடங்கியது வழக்கமாகி, வழக்கமே விதியாகிவிட்டது என்றார். பதினான்கு நாள் என்ற எல்லையை எண்ணிப் பார்க்க ஒரு விரல் கணக்குப் போதும், மீறினால் சிறை. இந்தத் தடையோ ஒவ்வொரு முறையும் 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று ஒதுக்கிவைக்கப்பட்டது.

இதெல்லாம் லண்டன், அமெரிக்கா சமாச்சாரம் என்று விட வேண்டாம். மனிதர்களை வைத்து மருந்துச் சோதனை நடத்தும் நம் மருத்துவமனைகளில் எல்லாம் சட்டப்படி ஒரு நெறிமுறைக் குழு இருந்தாக வேண்டும். குறைந்தது ஏழு உறுப்பினர்கள். அவர்களில் மருத்துவம் சாராத ஒரு பொதுமனிதரும் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரோ தபால் அலுவலரோ அந்த நாற்காலியில் உட்காரலாம். கற்பனையாக ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய்க்கு ஒரு புது மாத்திரை. பாதி நோயாளிகளுக்கு அது, மீதிப் பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, பன்னிரண்டு வாரம். அந்த ஆசிரியருக்கு இது உறுத்துகிறது. "சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சும் மூணு மாசம் சும்மா வச்சிருக்கலாமா சார்?" என்று கேட்கிறார்.

இதைச் சமாதானப்படுத்த இரண்டு வழி உண்டு. சர்க்கரை இன்ன அளவைத் தாண்டினால் அந்த நோயாளி உடனே சோதனையிலிருந்து விலக்கப்பட்டு வழக்கமான மருந்துக்கு மாற்றப்படுவார், முதல் இருபது பேரின் நிலையைக் குழு பார்த்த பிறகே மற்றவர்களைச் சேர்க்கலாம் என்று முடிவாகிறது. ஆசிரியருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, அவருடைய ஆட்சேபணை குறிப்பேட்டில் ஏறுகிறது. ஆராய்ச்சியாளருக்குக் காலமும் பணமும் கூடுதலாகப் போகிறது, எரிச்சலோடுதான் சம்மதிக்கிறார். இன்னொரு வழி: சம்மதப் படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் 'சிலருக்குச் செயலற்ற மாத்திரை தரப்படலாம்' என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். எழுதியாகிவிட்டதே சார் என்று ஆசிரியரிடம் சொல்கிறார்கள். அவரும் தலையசைக்கிறார். ஏகமனதாக முடிந்தது.

இரண்டிலும் இரு தரப்பும் கொஞ்சம் இறங்கி வந்தது போலத்தான் தெரிகிறது. ஆனால் முதலாவதில் சமரசத்தின் விலையை மேஜையில் இருந்தவர்களே கொடுத்தார்கள். இரண்டாவதில் அறைக்குள் இல்லாத ஒரு நோயாளி தலையில் அது விழுந்தது. சேலஞ்சரில் ஏறிய ஏழு பேருக்கும் முந்தைய இரவின் வாக்குவாதம் சொல்லப்படவில்லை. 'அப்படியானால் வார்னாக் குழுவில் விலை கொடுத்தது யார், பேச வாயில்லாத கருதானே?' என்று மார்ஷலின் பக்கம் நிற்கிறவர் கேட்பார். கேட்கவும் வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்பட்டு, பதில் இல்லாத நிலையிலேயே அச்சிலும் நிற்கிறது என்பதுதான் அந்தச் சமரசத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம்.

ஆனாலும் 14 நாள் சமரசத்தை அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. ஒரு காரணம் உண்டு. அது போடப்பட்டபோதும், அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளும், எந்த விஞ்ஞானியாலும் ஒரு மனிதக் கருவை ஆய்வுக்கூடத்தில் அத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கவே முடியவில்லை. ஒன்பது நாள் தாண்டுவதே பெரும்பாடு. அதாவது ஆராய்ச்சித் தரப்பு விட்டுக்கொடுத்தது, தன்னிடம் அதுவரை இல்லாத ஒன்றை. 2016இல்தான் நிலைமை மாறியது. நியூயார்க்கிலும் கேம்பிரிட்ஜிலும் இரண்டு குழுக்கள் கருவைப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வரை வளர்த்தன, எல்லை நெருங்கியதும் நிறுத்திக்கொண்டன. அன்றுதான் அந்த விதி முதல்முறையாக யாரையாவது உண்மையிலேயே கட்டுப்படுத்தியது. ஐந்தே ஆண்டில், 2021இல், ஸ்டெம் செல் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் தன் வழிகாட்டு நெறிகளில் 14 நாளைத் தாண்டுவதற்கான முழுத் தடையை எடுத்துவிட்டது. நாட்டுச் சட்டம் இடம்கொடுத்தால், தனித்தனியாகப் பரிசீலித்து அனுமதிக்கலாம் என்றது.

எல்லை மாறவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 14இல் தெய்விகம் ஒன்றும் இல்லை, குழுவே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. கருச்சிதைவுகள் ஏன் நிகழ்கின்றன என்பதற்கு விடை மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளும் அதே 14 நாள் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. மதுரையிலும் கோவையிலும் தெருவுக்கொரு கருத்தரிப்பு மையம் இருக்கும் காலத்தில் இந்தக் கேள்வி இங்கேயும் மேஜைக்கு வரும். வரும்போது பார்க்க வேண்டியது, அந்த மேஜையைச் சுற்றி மார்ஷலைப் போல முழுவதுமாக மறுக்கும் மூன்று பேருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா, அவர்கள் எழுதியது கடைசிப் பக்கத்தில் அச்சாகிறதா என்பதைத்தான். 1984இல் விட்டுக்கொடுத்தவர்கள், இனி இந்தக் கோடு நகராது என்று நம்பித்தான் விட்டுக்கொடுத்தார்கள். அதை நகர்த்த விரும்புகிறவர்கள் முதலில் பேச வேண்டியது அவர்களிடம்.